டாக்டர் கையெழுத்து ஜோக்: மெடிக்கல் கடைக்காரர் நிஜமாவே படிக்கிறாரா?

ஒருத்தர் டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். கடைக்காரர் சீட்டை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்துகளை எடுத்து வைக்கிறார். "800 ரூபாய்" என்கிறார். இவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எனக்கு ஒரு எழுத்துகூட புரியலையே, அப்படி என்னதாங்க எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். கடைக்காரர் சிரிக்காமல் சொல்கிறார்: "'நான் வாங்கிட்டேன், இனி நீ வாங்கிக்கோ'ன்னு எழுதியிருக்கு."

இந்த ஜோக்கைக் கேட்காத தமிழ் வீடு இருக்க வாய்ப்பில்லை. வார இதழ்களில் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது, பிறகு குறுஞ்செய்தியானது, இப்போது ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் மாமாக்கள் ஃபார்வர்டு செய்கிறார்கள். இதற்குச் சொந்தக்காரக் கூட்டமும் பெரிசு. டாக்டர் மாப்பிள்ளை எழுதிய காதல் கடிதத்தைப் படிக்க முடியாமல் மெடிக்கல் ஷாப்புக்கு எடுத்துக்கிட்டு ஓடும் பெண் ஒருத்தி. நோட்டில் கோழி கிளறியது மாதிரி எழுதும் பையனைப் பார்த்து "இவன் கண்டிப்பா டாக்டர்தான்" என்று சந்தோஷப்படும் அப்பா ஒருத்தர். எல்லாமே பழசு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் சிரிக்கிறார்.

பழசான ஒரு ஜோக் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கிறது என்றால், அதற்குள் சிரிப்பைத் தவிர வேறு எதுவோ இருக்கிறது என்று அர்த்தம்.

கவுன்ட்டர் முன்னாடி எல்லோரும் கைநாட்டுதான்

முதல் காரணம், இந்த ஜோக்குக்கு முன்கதை தேவையில்லை. வக்கீல் ஜோக் புரிய கொஞ்சம் கோர்ட்டு தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனி ஜோக் அந்தத் துறைக்கு வெளியே எடுபடாது. மருந்துச் சீட்டு அப்படியில்லை. கூலி வேலை செய்பவரும் கம்பெனி அதிகாரியும் அதே கண்ணாடிக் கவுன்ட்டர் முன்னாடி, அதே மாதிரி கையை ஊன்றிக்கொண்டு, கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கூர்மையானது. படித்த ஒருத்தர் எழுத்தறியாதவராக மாறிப்போகும் இடங்கள் ரொம்பக் குறைவு. மெடிக்கல் கவுன்ட்டர் அதில் ஒன்று. ஆங்கிலத்தில் முதுகலை முடித்தவர்கூட, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டை நீட்டி "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். அதுவும் அந்தச் சீட்டு ஏதோ அரசாங்க அறிவிப்பு இல்லை. அவருடைய சொந்த உடம்பைப் பற்றியது. காய்ச்சல் எதனால், இந்த மாத்திரை எதற்கு, வீட்டில் அம்மாவுக்கு நிஜமாவே என்ன பிரச்சினை என்ற கவலை எல்லாம் அந்தச் சுழியலுக்குள் பூட்டிக் கிடக்கிறது. டோக்கன் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தவர் அந்தச் சீட்டோடுதான் நிற்கிறார். கோபப்படவும் முடியாது, டாக்டர் மேல் மரியாதை இருக்கிறது. பயப்படவும் வெட்கம். அதனால் சிரிக்கிறார்.

"நான் வாங்கிட்டேன், நீ வாங்கிக்கோ" ஜோக்கில் இன்னொரு விஷயம் வெளிப்படையாகவே இருக்கிறது. டாக்டரும் கடைக்காரரும் கூட்டு, நடுவில் மாட்டியது நாம்தான் என்ற சந்தேகம். நேரில் கேட்க முடியாத கேள்வியை ஜோக் கேட்டுவிடுகிறது. டாக்டர்களே இந்த ஜோக்கைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாததால் யாருக்கும் காயமில்லை.

கூடவே நம்ம ஊருக்கே உரிய ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 'கையெழுத்து சரியில்லாதவனுக்குத் தலையெழுத்து நல்லா இருக்கும்' என்பார்கள். அதற்கு நடமாடும் சாட்சியாக டாக்டரை விட்டால் வேறு யார்? கிறுக்கல் ஒரு குறையாக இல்லாமல், மேதைமையின் முத்திரை மாதிரி ஆகிவிட்டது. அழகான குண்டு எழுத்தில் மருந்து எழுதும் டாக்டரை, 'புதுசா பாஸ் பண்ணி வந்திருப்பார் போல' என்று சந்தேகமாகப் பார்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள்.

கடைக்காரர் படிப்பதில்லை, கண்டுபிடிக்கிறார்

இந்த ஜோக்குகள் எல்லாமே ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன. டாக்டர் எழுதியதை மெடிக்கல் கடைக்காரரால் படிக்க முடியும் என்பதுதான் அது. அவருக்கு ஏதோ ரகசிய லிபி தெரியும் என்கிற மாதிரி. நிஜத்தில் அப்படி ஒரு லிபி கிடையாது. கடைக்காரர் பெரும்பாலும் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதே இல்லை. சுற்றியிருக்கும் தடயங்களை வைத்து இதுவாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடிக்கிறார்.

ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தால் இது புரியும். வரியின் ஆரம்பத்தில் ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் டேப்லெட், சி என்றால் கேப்ஸ்யூல், 'சிர' என்று தொடங்கினால் சிரப். அடுத்து அந்தப் புகழ்பெற்ற சுழியல். அதற்கப்புறம் 500, 650, 40 என்று ஓர் எண், மில்லிகிராம் கணக்கில். பிறகு 1-0-1 என்று, காலை, மதியம், இரவு எத்தனை மாத்திரை என்பது. சில டாக்டர்கள் இதற்குப் பதில் பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று போடுவார்கள். லத்தீன் சொற்களின் சுருக்கங்கள் இவை. தினம் இரண்டு வேளை, மூன்று வேளை, தேவைப்பட்டால் மட்டும் என்று வரிசையாக அர்த்தம். கடைசியில் எத்தனை நாள் என்ற எண்.

இப்போது சுழியலை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கலாம். 'மாத்திரை, 650, 1-1-1, 3 நாள்' என்று இருந்தால், அது என்னவென்று சொல்ல மருந்தாளுநர் படிப்புகூட வேண்டாம், காய்ச்சலுக்கான பாராசிட்டமால்தான். 'மாத்திரை, 500, 1-0-0, 3 நாள்' என்று இருந்து, வந்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினால், அது அசித்ரோமைசினாக இருக்க நிறைய வாய்ப்பு. 'மாத்திரை, 40, 1-0-0, சாப்பாட்டுக்கு முன்' என்றால் அசிடிட்டிக்கான பான்டோபிரசோல். பெயர் இருக்கிற இடத்தில் டாக்டர் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாலும் கடைக்காரர் இவற்றை எடுத்து வைத்துவிடுவார். இது தவிர, பக்கத்து கிளினிக் டாக்டர் வழக்கமாக எழுதுவது எந்தெந்த பிராண்டு என்பது அவருக்கு மனப்பாடம். அந்த பிராண்டுகளைத்தான் அவர் வாங்கியே வைத்திருப்பார். கண்டுபிடிக்க வேண்டிய பட்டியல் ஆயிரக்கணக்கில் இல்லை, அதிகம் போனால் நாற்பது, ஐம்பது.

கடைக்காரருக்கு எண்கள் இவ்வளவு உதவுவதற்கு ஓர் ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. 1998-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர்கள், நர்ஸ்கள், அலுவலக ஊழியர்கள் என்று பலரையும் படிவங்களில் எழுதவைத்து, அதை ஒரு கணினி மென்பொருளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துகளில் டாக்டர்கள்தான் மோசம். ஆனால் எண்களில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. (இதற்கு 2 வருஷம் முன்னாடி அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, டாக்டர்கள் கையெழுத்து மற்றவர்களைவிட மோசமில்லை என்றது. உயர் நிர்வாகிகளும் ஆண்களும்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள். ஏனோ அவர்களைப் பற்றி ஜோக் வரவில்லை. நிர்வாகி எழுதியதை எடுத்துக்கொண்டு யாரும் கடைக்குப் போகவேண்டியதில்லை என்பதால் இருக்கலாம்.)

'10, 0-0-1' என்றால் என்ன?

கண்டுபிடிப்பது என்றாலே, தப்பாகக் கண்டுபிடிக்கவும் இடம் இருக்கிறது. 'மாத்திரை, சுழியல், 10, 0-0-1' என்று ஒரு வரி. இரவில் ஒரு மாத்திரை, 10 மில்லிகிராம். இது சளி, அரிப்புக்கான செட்டிரிசினாக இருக்கலாம். கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாட்டினாக இருக்கலாம். நரம்பு வலிக்கோ, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவோ தரும் அமிட்ரிப்டிலினாகவும் இருக்கலாம். மூன்றும் 10 மில்லிகிராமில் கிடைக்கும், மூன்றையும் இரவில் கொடுப்பது வழக்கம்.

எண் இங்கே கைவிட்டுவிட்டது. கடைக்காரர் அடுத்த தடயத்துக்குப் போகிறார். 5 நாள் என்று இருந்தால் செட்டிரிசின். 30 நாள் என்றால் மற்ற இரண்டில் ஒன்று. சீட்டின் மேலே இதய நோய் நிபுணர் என்று அச்சிட்டிருந்தால் அடோர்வாஸ்டாட்டின், நரம்பியல் என்றால் அநேகமாக அமிட்ரிப்டிலின். ஆனால் எழுதியவர் எல்லா நோய்க்கும் பார்க்கிற பொது மருத்துவர், வந்தவர் நோயாளி இல்லை, அவருடைய பேரன், தாத்தாவுக்கு என்ன வியாதி என்று அவனுக்கே சரியாகத் தெரியாது என்றால்? நல்ல மருந்தாளுநர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் போடுவார். சாயங்காலம் 7 மணிக் கூட்டத்தில், கவுன்ட்டரில் நிற்பவர் மருந்தாளுநர்தானா, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமான பையனா என்பதைப் பொறுத்துதான் அந்த போன் போகுமா போகாதா என்பது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்து மருந்தியல் சட்டம் சொல்கிறது. எத்தனை கடையில் அவர் நேரில் இருக்கிறார் என்பது கடைக்குப் போகிறவர்களுக்கே தெரியும்.

இங்கேதான் ஜோக்கின் எல்லை தெரிகிறது. அது ஒரே தெருவுக்குள் வேலை செய்கிறது. டாக்டர், அவருக்குப் பழகிய கடை, இருவருக்கும் பழகிய நோயாளி. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் கடைக்காரரின் மந்திரம் பாதியாகிவிடும். ஊரில் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அம்மா போட்டோ எடுத்து அனுப்ப, பெங்களூரில் இருக்கும் மகள் அதை மருந்து டெலிவரி ஆப்பில் அப்லோடு செய்கிறாள். அந்தப் பக்கம் இருக்கும் மருந்தாளுநருக்கு டாக்டரையும் தெரியாது, அப்பாவையும் தெரியாது. 'பிரிஸ்கிரிப்ஷன் தெளிவாக இல்லை' என்று செய்தி வருகிறது, இல்லாவிட்டால் போன் வருகிறது: "மூணாவது மருந்து என்ன மேடம்?" மகளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் அப்பாவையே பழைய அட்டையை எடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அந்த அட்டை கொஞ்சம் வெட்டப்பட்டு, மருந்தின் பெயரில் பாதி போயிருக்கும்.

20 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒன்று

இந்தக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது ஒரு பாடமாகவே பேசப்படுகிறது. 1995-ல் 42 வயதான ஒருவருக்கு நெஞ்சு வலிக்காக ஐசார்டில் என்ற மருந்தை டாக்டர் எழுதினார். 20 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒன்று. அந்தப் பெயர் மருந்தாளுநர் கண்ணுக்கு பிளெண்டில் என்று பட்டது. அது ரத்த அழுத்த மருந்து. கையெழுத்தில் இரண்டுக்கும் கடைசிப் பாதி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது, இங்கே எண் தெளிவாகவே இருந்தது. அதுவே எச்சரித்திருக்க வேண்டும். பிளெண்டில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்தான். சீட்டில் இருந்தபடி கொடுத்தால் 20-ஐ நான்கு தடவை, மொத்தம் 80. எட்டு மடங்கு. ஆனால் பெயரை ஒரு தடவை 'படித்துவிட்ட' கண், எண்ணைச் சந்தேகப்படவில்லை. மருந்து கொடுக்கப்பட்டது. அவருக்கு மாரடைப்பு வந்தது, சில நாட்களில் இறந்துபோனார். 1999-ல் நடுவர் குழு 4.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. இதில் டாக்டர் பாதி, மருந்தாளுநர் பாதி.

அந்தப் பாதிக்குப் பாதியில் ஒரு நியாயம் இருக்கிறது. 'நான் எழுதினது சரியான மருந்துதான்' என்று டாக்டர் தப்பிக்க முடியவில்லை. யாராலும் படிக்க முடியாதபடி சரியாக எழுதுவதும் தப்பாக எழுதுவதும் நோயாளிக்கு ஒன்றுதான் என்று அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ளலாம்.

கிறுக்கலுக்காக ஒரு மருந்தின் பெயரையே மாற்றிய கதையும் உண்டு. அசிடிட்டிக்கான ஒமெப்ரசோல் அமெரிக்காவில் லோசெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கையால் எழுதும்போது அது லாசிக்ஸ் மாதிரி தெரிந்தது. லாசிக்ஸ், சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்து. இந்தியாவிலும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வயிற்று எரிச்சலுக்கு வந்தவர் நீரிழக்கும் மருந்தோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1990-ல் லோசெக் அங்கே ப்ரைலோசெக் ஆனது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அடுத்து அது மனச்சோர்வுக்கான ப்ரோசாக்கோடு குழம்பியது.

சட்டத்துக்கும் படிக்க முடியவில்லை

இந்தியாவில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை வேறு வழியாகப் போயிருக்கிறது. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு இரண்டு கம்பெனிகள் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று ஒரே மாதிரி பெயரில் மருந்து விற்றன. 2001-ல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மற்ற பொருட்களைவிட மருந்துகளின் பெயர் விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்றது. டாக்டரும் மருந்தாளுநரும் பயிற்சி பெற்றவர்கள்தானே, குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்ற வாதத்தை ஏற்கவில்லை. பயிற்சி பெற்றவர்களும் தவறுவார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. மெடிக்கல் கடைக்காரருக்கு எல்லாம் புரியும் என்கிற ஜோக்குக்கு நேர் எதிரான நிலை இது.

மருந்து விதிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, அளவு எல்லாம் இருக்க வேண்டும் என்று அவை கேட்கின்றன. டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது. எழுதியது என்ன என்றே தெரியாதபோது, எழுதியதைத்தான் கொடுத்தோமா என்பதை யார் முடிவு செய்வது? அந்தப் பொறுப்பு முழுக்க கவுன்ட்டர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

டாக்டர் பக்கத்துக்கும் விதி வந்தது. 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் தனது நெறிமுறைகளைத் திருத்தி, மருந்தின் ஜெனரிக் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்றது. 'முடிந்தால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் ஒழுகிப்போனது. 2018-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், படிக்க முடியாதபடி காயச் சான்று எழுதிய 3 டாக்டர்களுக்குத் தலா 5,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025-ல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் வழக்கில் வைக்கப்பட்ட மருத்துவ அறிக்கையை நீதிபதியால் படிக்க முடியவில்லை. தெளிவாக எழுதிய மருந்துச் சீட்டு கிடைப்பது, உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று அந்த நீதிமன்றம் சொன்னது. கணினிச் சீட்டு வரும்வரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும், மருத்துவக் கல்லூரியில் கையெழுத்துப் பயிற்சியும் வேண்டும் என்றது. இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். நீதிபதிகளுக்குக் கோபம் வந்தது, கிறுக்கல் அவர்கள் மேஜைக்கு வந்த பிறகுதான். மெடிக்கல் கடைக்காரர் அங்கே பக்கத்தில் இல்லை.

டாக்டர் தரப்பு நியாயம், அதன் அளவு

டாக்டர்கள் சொல்லும் காரணம் பொய்யில்லை. 2017-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் சராசரியாக 2 நிமிஷம்தான். ஸ்வீடனில் 20 நிமிஷத்துக்கும் மேல். அந்த 2 நிமிஷத்துக்குள் கேட்டு, தொட்டுப் பார்த்து, யோசித்து, எழுத வேண்டும். அதோடு, ஒரே முப்பது மருந்துப் பெயர்களை தினம் நூறு தடவை எழுதுகிற கைக்கு அவை எழுத்துகளாக இருப்பதில்லை, கையொப்பம் மாதிரி ஒரு அசைவாக ஆகிவிடுகின்றன. பேங்க் மேனேஜரின் கையொப்பத்தில் அவர் பெயரை யாரும் தேடுவதில்லையே.

ஆனால் இந்தக் காரணத்தை முழுசாக ஏற்பதும் கஷ்டம். 500 ரூபாய் செக்கில்கூட தொகையை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு தடவை எழுதச் சொல்கிறார்கள். எழுத்து புரியாவிட்டால் பேங்க் அதைத் திருப்பி அனுப்பிவிடும். 'இதுவாகத்தான் இருக்கும்' என்று காசாளர் ஊகிப்பதில்லை. அவசரம் எல்லா வேலையிலும் இருக்கிறது. பைலட்டின் கையெழுத்து ஜோக், இன்ஜினீயரின் கையெழுத்து ஜோக் என்று எதுவும் பிரபலமாகவில்லை. சீட்டில் இருக்கும் மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும், மருந்தின் பெயர் இருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் எழுத சில நொடிகள்தான் ஆகும். அந்த நொடிகளைக் கேட்பது கூட்டத்தைப் புரிந்துகொள்ளாத கோரிக்கை இல்லை.

ஜோக்கின் மேல் ஒரு சின்னக் குற்றச்சாட்டு வைக்கலாம் என்றால் அது இதுதான். டாக்டர் கிறுக்குவது மழை பெய்வது மாதிரி இயற்கை என்று அது ஆக்கிவிட்டது. "டாக்டர், இந்த மருந்துப் பேரை ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்க வேண்டிய இடத்தில், வெளியே வந்து சிரித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் சொல்லவே செய்வார்கள். கவுன்ட்டரிலும் கேட்கலாம்: "இது எதுக்குண்ணே?" மருந்தாளுநர் "பிரஷருக்கு" என்று சொல்லி, வந்தவருக்கு பிரஷரே இல்லை என்றால், அந்த ஒரு கேள்வியிலேயே தப்பு பிடிபட்டுவிடும். டெக்சாஸில் நெஞ்சு வலி மருந்துக்குப் பதில் ரத்த அழுத்த மருந்தை நீட்டிய நேரத்தில் கேட்கப்படாமல் போனது இதுவாகவே இருக்கலாம்.

பிரின்ட் வந்தாச்சு, ஆனால்...

பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது சீட்டு பிரின்ட்டாகி வருகிறது. கிறுக்கல் போய்விட்டது, கையொப்பம் மட்டும்தான் மிச்சம். இதனால் இன்னொரு வகைத் தப்பு வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் வரும் பட்டியலில், கை ஒரு வரி தவறிப் பக்கத்து மருந்தைத் தொட்டுவிடும். கிறுக்கலாக இருந்தால் கடைக்காரர் சந்தேகப்பட்டாவது இருப்பார். பளிச்சென்று அச்சடித்த பெயரை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்னொன்றும் நடக்கிறது. பிரின்ட் செய்த சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர், அதை ஒரு தடவை மேலிருந்து கீழே படிக்கிறார். எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. அடோர்வாஸ்டாட்டின், பான்டோபிரசோல், அமிட்ரிப்டிலின். பிறகு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் சீட்டை நீட்டி, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்கிறார். கடைக்காரர் மருந்துகளை எடுத்து, காகித உறைகளில் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் எழுதுகிறார்: காலை 1, சாப்பாட்டுக்கு முன். இரவு 1, சாப்பிட்ட பின். தமிழில், கொட்டை எழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி.